ஸ்டோர் பொறுப்பு ஒப்படைப்பு: கணக்கு இடறினால் எங்கே பார்ப்பது

பொறுப்பேற்கவிருக்கும் ஸ்டோர் கீப்பர் அவர்களுக்கு,

இந்த மாதக் கடைசி நாளுடன் என் பணி நிறைவடைகிறது. பதிவேடுகள், சாவிகள், நிலுவையில் உள்ள ஆர்டர்கள் ஆகியவற்றின் பட்டியலை நாம் இருவரும் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஆனால் பட்டியல் என்பது கையெழுத்திட்ட நாளின் நிலையை மட்டுமே சொல்லும். அடுத்த மாதம் ஒரு பொருளின் இருப்பு ஒத்துப்போகாதபோது அது உங்கள் காலத்தில் வந்த வித்தியாசமா, என் காலத்திலிருந்தே இருப்பதா, எந்தத் தாளை முதலில் புரட்ட வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் முதலில் படக்கூடிய அறிகுறி எதுவோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

நம்முடைய ஸ்டோரில் ஒரே இருப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. ராக்கில் சரக்காக, ராக்கில் தொங்கும் பின் கார்டில் எண்ணிக்கையாக, கணினி லெட்ஜரில் பெரும்பாலும் எடையாக. இம்மூன்றில் எது மற்ற இரண்டிலிருந்து விலகி நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் காண்பதற்கு முன்பாக எந்த எண்ணையும் திருத்தாதீர்கள். நான் சேர்ந்த புதிதில் அவசரப்பட்டு ஒரு திருத்தப் பதிவைப் போட்டேன்; காணாமல் போன சீட்டு மறுவாரம் வந்து சேர்ந்தது. பிறகு திருத்தத்திற்கு ஒரு திருத்தம், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் என்று அந்த ஆண்டுத் தணிக்கை முடியும்வரை அது என்னை விடவில்லை.

அறிகுறி: கணினியில் இருப்பு அதிகம், ராக்கில் குறைவு

அடிக்கடி வருவதும் ஆளைக் கலங்கடிப்பதும் இதுதான். சென்ற மாதம் 25 மி.மீ. உருண்டைக் கம்பியில் வந்ததை அப்படியே சொல்கிறேன். வழிமுறை அதிலேயே அடங்கியிருக்கிறது.

கணினியில் 602 கிலோ இருந்தது. ராக்கில் எண்ணியபோது 6 மீட்டர் முழுக் கம்பிகள் 22 இருந்தன. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 25 மி.மீ. கம்பிக்கு அது 3.858 கிலோ, 6 மீட்டர் கம்பி ஒன்று 23.15 கிலோ. அப்படியானால் 22 கம்பிகள் 509.3 கிலோ. குறைவு 92.7 கிலோ.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் நேராகத் துண்டுக் கம்பிகள் இருக்கும் மூலைக்குப் போய்விடுவார்கள். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் நமக்குத் தனிக் குறியீட்டில் இருப்பாக உள்ளன. அதற்குக் குறைந்தவை கழிவுக்குப் போகின்றன. எனவே முழுக் கம்பிக் கணக்கின் குறைவை அங்கே தேடிப் பயனில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறிய வகுத்தலைச் செய்யுங்கள். குறைவாக உள்ள எடையை ஒரு கம்பியின் எடையால் வகுத்துப் பாருங்கள். 92.7ஐ 23.15ஆல் வகுத்தால் ஏறக்குறைய சரியாக 4 வருகிறது. முழு எண் வந்தால், நான்கு கம்பிகள் முழுதாக எங்கோ போயிருக்கின்றன, ஒரு சீட்டு பதிவாகவில்லை என்று பொருள். முழு எண் வராமல் 2.6, 3.3 என்று வந்தால் அது பெரும்பாலும் எடை மாற்றுக் கணக்கின் கோளாறு. அதைப் பற்றி அடுத்த தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

அடுத்து பின் கார்டைப் பார்த்தேன். அதிலும் 22 என்றே இருந்தது. பின் கார்டும் ராக்கும் ஒத்துப்போனதால், கம்பியை எடுத்தவர் அதை எழுதிவிட்டே எடுத்திருக்கிறார். பின் கார்டுக்கும் கணினிக்கும் இடையில்தான் ஏதோ விழுந்திருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. கடைசியாக இருப்பு ஒத்துப்போன தேதி முந்தைய மாதக் கடைசி. அந்தத் தேதியிலிருந்து பின் கார்டின் ஒவ்வொரு வரியையும் கணினியின் வழங்கல் பட்டியலோடு வைத்துப் பென்சிலால் டிக் போட்டு வந்தேன். ஒரு வரியில் மட்டும் டிக் விழவில்லை. ‘4’ என்ற எண்ணும், வேலை எண்ணும், பக்கத்தில் ‘நைட்’ என்ற சொல்லும் இருந்தன. சீட்டு எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

இதற்குப் பிறகு பார்க்க வேண்டியது சாவிப் பதிவேடு. பலரும் அதை செக்யூரிட்டியின் சங்கதி என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்டோர் கணக்கின் பாதி விடை அதில்தான் இருக்கிறது. அந்த இரவு 11.40க்கு ஷட்டர் திறந்து 11.55க்கு மூடப்பட்டிருந்தது; நைட் ஷிஃப்ட் ஃபோர்மேனும் காவலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஃபோர்மேனிடம் இருக்கும் சீட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சீட்டுக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று படிகள் உண்டு. வெள்ளை ஸ்டோருக்கும் இளஞ்சிவப்பு கணக்குப் பிரிவுக்கும் வர வேண்டும். மஞ்சள் புத்தகத்திலேயே தங்கும். மஞ்சள் படி புத்தகத்தில் இருந்தது. மற்ற இரண்டும் வேலை அட்டையோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டு உற்பத்திப் பிரிவின் கோப்பில் கிடந்தன. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது; நள்ளிரவில் ஸ்டோரில் ஆள் இல்லாதபோது சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு பெட்டி நம்மிடம் இல்லை. இப்போது ஷட்டருக்கு உட்புறம் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் முதலில் அதைத் திறந்து பாருங்கள். சீட்டு எண்களின் வரிசையில் இடைவெளி இருந்தால், அன்றைக்கே ஃபோர்மேனிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் போனால் அவருக்கும் நினைவிருக்காது.

மாதக் கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததால் அந்த நான்கு கம்பிகளையும் நடப்பு மாதத்தில் வழங்கலாகப் பதிந்து, குறிப்புக் கட்டத்தில் உண்மையான தேதியையும் சீட்டு எண்ணையும் எழுதியிருக்கிறேன். பின் கார்டில் தேதியை மாற்றவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் சீட்டு எண்ணை மட்டும் சிவப்பு மையில் சேர்த்துக் கையெழுத்திட்டுள்ளேன்.

இதே அறிகுறி வேறு விதமாகவும் வரலாம். பின் கார்டும் கணினியும் ஒத்துப்போய், ராக்கில் மட்டும் குறைவாக இருந்தால், எழுதாமல் எடுத்திருக்கிறார்கள் அல்லது வந்தபோதே குறைவாக வந்திருக்கிறது. திருட்டு என்ற சொல் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும். நீங்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்த லோடின் வரவுச் சீட்டையும் எடைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். நமக்குக் கம்பியும் பிளேட்டும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து வருகின்றன. லாரி சரக்கோடு எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்து, சரக்கை இறக்கியபின் வெறும் வண்டியை எடை போடும்போது கீழே இறங்கி நின்றால், இரண்டு ஆட்களின் எடை இரும்பின் எடையாகக் கணக்கில் ஏறிவிடும். நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ என்பது ஐந்தாறு கம்பி. எடைச் சீட்டில் இது தெரியாது. ஆகவே எடை போடும்போது நம் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். சரக்கு இறங்கும்போது எண்ணிக்கையையும் தனியாக எடுத்து வரவுச் சீட்டின் பின்புறம் எழுத வேண்டும். இரண்டு எண்களும் ஒரே தாளில் இருந்தால் பிறகு சண்டைக்கு இடமில்லை.

அறிகுறி: பிளேட் கண்ணெதிரே நிற்கிறது, கணினி வழங்க மறுக்கிறது

8 மி.மீ. பிளேட்டில் இதை நீங்கள் முதல் வாரத்திலேயே சந்திப்பீர்கள். அந்தக் குறியீட்டில் ஒரு முழு பிளேட் யார்டில் நிற்கிறது. அதன் கணக்கு எடை 593.5 கிலோ. கணினியில் இருப்பது 518.5 கிலோ. வழங்கல் பதிவு போட்டால் இருப்பு போதவில்லை என்று திரும்பி வரும்.

காரணம் இதுதான். அந்த லோடில் 1500க்கு 6300 மி.மீ. அளவில் பத்து பிளேட்டுகள் வந்தன. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. கனத்திற்கு 7.85 கிலோ என்ற கணக்கில், 8 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 62.8 கிலோ, 9.45 சதுர மீட்டருக்கு 593.5 கிலோ, பத்துக்கு 5,935 கிலோ. ஆனால் எடைமேடையில் வந்தது 5,860 கிலோ. ஆலையில் உருட்டும்போது கனம் நூலிழை குறைவாக அமைவது இயல்பு. வாங்கும் நியமங்களே அதற்கு இடம் கொடுக்கின்றன. நாம் பணம் கொடுத்தது எடைமேடை எடைக்குத்தான் என்பதால் யாருக்கும் நட்டமில்லை. வரவை 5,860 என்று எடைமேடை எடையில் பதிந்துவிட்டு, வழங்கும்போது ஒவ்வொரு பிளேட்டையும் 593.5 என்று கணக்கு எடையில் கழித்ததுதான் பிழை. ஒன்பது பிளேட்டுகளுக்கு 5,341.5 கிலோ கழிந்தபின் 518.5 மிச்சம். பத்தாவது பிளேட்டுக்கு 75 கிலோ போதவில்லை.

இந்தப் பழைய லோடுக்கு, 75 கிலோவை இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையில் உபரியாகக் காட்டி, மேற்கண்ட கணக்கை இணைத்து, கணக்குப் பிரிவின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை. அதற்கு முன்பாக உற்பத்திப் பிரிவு அவசரப்படுத்தினாலும், 75 கிலோ வந்ததாக ஒரு பொய் வரவுச் சீட்டைப் போட்டுக் கணக்கை நேராக்கிவிடாதீர்கள். பில் இல்லாத வரவு ஒன்று கணினியில் ஏறினால் அதற்குத் தணிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் 518.5 கிலோவுக்கு வழங்கல் போட்டு, மீதம் ஒப்புதலுக்குப் பின் என்று சீட்டிலேயே எழுதி பிளேட்டைக் கொடுங்கள். அலுவலகத்தில் இதை வாய்மொழியாக ஏற்றுக்கொண்டுள்ளார்கள். நீங்கள் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

புதிய லோடுகளுக்கு நான் வேறு வழியைக் கடைப்பிடிக்கிறேன். எடைமேடை எடையை எண்ணிக்கையால் வகுத்து, அந்த லோடின் ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு என்று பின் கார்டின் தலையிலும் பிளேட்டின் விளிம்பில் பெயின்ட்டாலும் எழுதிவிடுகிறேன். மேற்சொன்ன லோடில் அப்படிச் செய்திருந்தால் 586 என்று எழுதியிருப்பேன். கடைசி பிளேட்டோடு இருப்பும் பூச்சியமாகியிருக்கும். பிளேட்டுகளுக்கு மட்டும்தான் இதைக் கொண்டுவந்திருக்கிறேன். கம்பிகளுக்கு இன்னும் பழைய முறையே நடக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இப்படி வரும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுக்குள் இருக்கும்வரை நான் ஆலை வித்தியாசம் என்று ஒப்புக்கொள்வேன். அதற்கு மேல் போனால் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு பிளேட்டின் நான்கு பக்கங்களிலும் கனத்தை அளந்துவிட்டுத்தான் வரவுச் சீட்டில் கையெழுத்திடுவேன்.

அறிகுறி: பின் கார்டில் 2023 டிசம்பருக்கு முன்பு எந்த வரியும் இல்லை

மிக்ஜாம் புயலின்போது நம் ஸ்டோருக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. எண்ணூர் முகத்துவாரத்திலும் எர்ணாவூர் பக்கத்திலும் எண்ணெய் படிந்த அதே நாள்கள்தாம். நம் ஸ்டோரின் கீழ்த்தட்டுகளில் தொங்கிய பின் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, பிரித்தால் கிழியும் நிலையில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் எண்ணிய எண்ணிக்கையே அந்தப் பொருள்களுக்குத் தொடக்க இருப்பு. அந்தக் கார்டுகளின் முதல் வரியில் ‘நேரடி எண்ணிக்கை’ என்று எழுதி, அன்றைய நிர்வாகி கையெழுத்திட்டிருக்கிறார். அதற்கு முந்தைய வித்தியாசத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கணினியில் இருக்கிறது, அதைச் சரிபார்க்க எதிர்ப்படி கிடையாது. மேல் இரண்டு தட்டுகளின் கார்டுகள் பழையபடியே உள்ளன.

அப்போது நனைந்த வெல்டிங் ராடுகளை முழுதும் கழிவில் போட்டுவிட்டோம். இன்றைக்கும் 7018 ராடு பாக்கெட் பிரிந்தால் இந்தக் கடற்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெல்டர் ‘ராடு சரியில்லை, துளை விழுகிறது’ என்று பிரிந்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால், அதை வாங்கி ராக்கில் வைத்துவிடாமல் திருப்பிய சரக்குச் சீட்டு எழுதுங்கள். ராக்கில் இருப்பு அதிகம், கணினியில் குறைவு என்ற எதிர்மாறான அறிகுறிக்குப் பெரும்பாலும் இந்தச் சீட்டு எழுதாததே காரணம்.

அறிகுறி: பொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் புதிய இண்டென்ட் எழவில்லை

6205 பேரிங்கில் இப்போது இந்த நிலை இருக்கிறது. ரப்பர் சீல் உள்ள 2RS வகையில் இருபது ஆர்டர் கொடுத்தோம். பன்னிரண்டு சரியாக வந்தன. மீதி எட்டு, இரும்பு மூடி உள்ள ZZ வகையாக வந்தன, அவற்றை நிராகரித்துவிட்டோம். மாற்று அனுப்புவதாகச் சொன்ன சப்ளையர் ஏழு வாரமாக அனுப்பவில்லை. குறைந்தபட்ச இருப்பு பத்து. ராக்கில் இருப்பது மூன்று. கணினி மூன்றோடு வர வேண்டிய எட்டையும் சேர்த்துப் பதினொன்று என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. வராத சரக்கை வரும் என்று அது நம்புகிறவரை இண்டென்ட் எழாது.

ஆகவே ஏதாவது பொருள் குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போயும் இண்டென்ட் எழாவிட்டால், அந்தப் பொருளின் நிலுவை ஆர்டரைத் திறந்து, அதில் மிச்சம் இருக்கும் எண்ணிக்கை உண்மையிலேயே வரப்போகிறதா என்று கொள்முதல் பிரிவில் கேளுங்கள். வராது என்றால் ஆர்டரை ஷார்ட் க்ளோஸ் செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. நம் லாகினில் முடியாது. இந்த எட்டுக்கு நான் கடிதம் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. படி நிலுவை ஆர்டர் கோப்பின் மேலேயே இருக்கிறது.

நிராகரித்த எட்டு பேரிங்குகளும் சிவப்புப் பெயின்ட் அடித்த தட்டில் உள்ளன. இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டு வகைக்கும் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதும் அதே 6205தான். இரவில் அவசரத்தில் எடுப்பவர் கடைசி எழுத்துகளைப் பார்க்க மாட்டார். தூசியும் தண்ணீரும் தெறிக்கும் கன்வேயர் ரோலரில் இரும்பு மூடி உள்ளதைப் போட்டால் உள்ளே சேறு போய்விடும். அதனால் எட்டையும் ஒரே சாக்குப் பையில் போட்டுக் கட்டி, சீல் வைத்திருக்கிறேன். அவை போகும்போது கேட் பாஸோடு டெபிட் நோட்டும் போக வேண்டும்.

மற்ற நிலுவை ஆர்டர்களில் சிக்கல் எதுவும் இல்லை. கையுறையும் ப்ரைமரும் இந்த வாரம் வந்துவிடும். ஹைட்ராலிக் ஆயில் இரண்டு பேரல் வந்து இறங்கிவிட்டது, பில் வரவில்லை. டெலிவரி சலானை வைத்து வரவுச் சீட்டு போட்டிருக்கிறேன். பில் வந்ததும் அந்தச் சீட்டு எண்ணோடு இணைத்துக் கொடுத்தால் போதும். புதிய வரவுச் சீட்டு போட்டால் ஆயில் நான்கு பேரலாகிவிடும்.

அறிகுறி: கால்வனைசிங் போன சரக்கு, அனுப்பியதைவிட அதிக எடையில் திரும்புகிறது

பயப்பட வேண்டாம்; அது துத்தநாகத்தின் எடை. பைப் கிளாம்ப் 140 எண்ணிக்கை, ஒன்று 9 கிலோவாக 1,260 கிலோ போனது. முதல் தவணையில் 90 கிளாம்புகள் 852 கிலோவாகத் திரும்பின. கணினி எடையைக் கழித்துவிட்டு வெளியே 408 கிலோ இருப்பதாகச் சொல்கிறது. உண்மையில் வெளியே இருப்பவை 50 கிளாம்புகள், அதாவது அனுப்பிய எடையில் 450 கிலோ. அவை பூச்சோடு திரும்பும்போது இன்னும் கனமாக இருக்கும் என்பதால், கணினி அவற்றை 408க்கு மேல் ஏற்க மறுக்கும். ஜாப் ஒர்க் சரக்கில் எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையில் வரவு வைப்பதே சரி. இந்தச் சலானுக்கு எண்ணிக்கையைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம் தேதி. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருடத்திற்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகக் கொள்வார்கள். வரி நம் மேல் விழும். இந்த 50 கிளாம்புகளுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. சலான் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறேன்.

அறிகுறி: சாவி திரும்பவில்லை, அல்லது சாவியே பொருந்தவில்லை

சாவிகள் மொத்தம் எட்டு. பெரிய ஷட்டரின் இரண்டு பூட்டுகளில் இடது பக்கத்துச் சாவி உங்களிடமும் வலது பக்கத்துச் சாவி செக்யூரிட்டியிடமும் இருக்கும். இரண்டும் ஒருவர் கையில் சேரக்கூடாது என்பதே ஏற்பாட்டின் நோக்கம்; மழை நேரத்தில் வசதி கருதிச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். வலைக்கதவு, பெயின்ட் அறை, வெல்டிங் ராடு அறை, டூல் அலமாரி, பதிவேட்டு அலமாரி, யார்டு கேட்டின் சங்கிலி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. டூல் அலமாரியின் சாவியில் முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் இருக்கும். மின்சாரம் போனால் கையால் தடவியே எடுக்கலாம் என்பதற்காகக் கட்டினேன்.

உப்புக் காற்றால் யார்டு பூட்டு அடிக்கடி இறுகும். அதில் எண்ணெயோ கிரீஸோ விட்டால் தூசியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மோசமாகும். பென்சில் முனையைச் சீவிய தூளைச் சாவியில் தடவி இரண்டு மூன்று முறை போட்டு எடுத்தால் திறந்துவிடும்.

பொருந்தாத சாவி வேறு விஷயம். மாற்றுச் சாவிகள் எட்டும் ஒரு உறையில் சீல் வைக்கப்பட்டு நிர்வாகப் பிரிவின் பெட்டகத்தில் உள்ளன. சென்ற மழைக்காலத்தில் யார்டு சங்கிலிப் பூட்டு துருப்பிடித்து உடைந்து புதியது போட்டோம். உறைக்குள் இருப்பது பழைய பூட்டின் சாவி. உறையின் மேலுள்ள பட்டியல் எட்டு என்றுதான் சொல்கிறது. எண்ணிப் பார்த்தாலும் எட்டுதான் இருக்கும். ஆனால் ஒன்று எதையும் திறக்காது. புதிய பூட்டின் இரண்டாவது சாவி என் மேசை இழுப்பறையில் தனி உறையில் இருக்கிறது. பொறுப்பேற்கும் அன்றே நிர்வாக அலுவலர் முன்னிலையில் உறையைப் பிரித்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, ஒட்டிய இடத்தின் குறுக்கே நீங்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். நானே செய்திருக்கலாம், உறையை ஒரு மாதத்தில் இரண்டு முறை பிரிக்க வேண்டாமே என்று விட்டுவைத்தேன்.

அறிகுறி: கேஸ் சப்ளையரின் கணக்கில் சிலிண்டர் அதிகம்

ஆக்ஸிஜன் சிலிண்டர் 14 நம்மிடம் இருப்பதாக சப்ளையர் வாடகை போடுகிறார். யார்டில் எண்ணினால் 11. இதை எண்ணிக்கையை வைத்துப் பேசினால் முடிவே வராது. ஒவ்வொரு சிலிண்டரின் தோள்பட்டையிலும் ஒரு வரிசை எண் அடிக்கப்பட்டிருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படிக்க வேண்டும். அவருடைய பட்டியலை வாங்கி, அப்படி ஒவ்வொன்றாகத் தேய்த்து ஒப்பிட்டேன்.

பதினான்கில் பத்து எண்கள் இங்கே உள்ளன. மூன்று, தீபாவளி வாரத்தில் காலியாகத் திருப்பி அனுப்பியவை. சலானில் டிரைவரின் கையெழுத்து இருக்கிறது, ஆனால் ‘காலி 3’ என்று மட்டும் எழுதியிருக்கிறோம், எண்களை எழுதவில்லை. அது என் தவறு. அதனால்தான் அவர் அந்தச் சலானை ஏற்கத் தயங்குகிறார். பதினான்காவது, காட்டுப்பள்ளி பக்கம் நடந்த வெளிவேலையில் இன்னொரு கான்ட்ராக்டரின் சிலிண்டரோடு மாறிப் போயிருக்கிறது. அவருடைய சிலிண்டர்தான் நம் யார்டில் பதினோராவதாக நிற்கிறது.

எண் பட்டியலையும் சலான் நகலையும் இணைத்து சப்ளையருக்குக் கடிதம் அனுப்பியாயிற்று; பதில் வரவில்லை. அந்தக் கான்ட்ராக்டரின் ஸ்டோரிலும் போனில் சொல்லிவிட்டேன். சிலிண்டர் எண்ணைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மாறி வந்த சிலிண்டரைக் கடைசி வரிசையில் தனியாகச் சங்கிலி போட்டு நிறுத்தி, மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். மழையில் வட்டம் அழிந்தால் மறுபடி போட்டுவிடுங்கள். நம் சிலிண்டர் திரும்பி வந்து, தோள்பட்டை எண்ணை நீங்களே படித்துப் பார்க்கும்வரை, காலி எடுக்க வரும் எந்த வண்டியிலும் அதை ஏற்ற வேண்டாம்.